யோகாசனப் படத்தைப் படிக்கும் முறை

தில்லியில் அலுவலகங்களின் அறிவிப்புப் பலகைகளிலும் பூங்காக்களின் நுழைவாயில்களிலும் யோகாசன விளக்கப்படங்களைக் காண்கிறோம். 2014 டிசம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 21-ஐப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தது. மறு ஆண்டு முதல் யோகா நாளன்று இந்நகரின் ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றுகூடிப் பயிற்சி செய்தனர். இந்நாளையொட்டி ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோகப் பயிற்சி முறையே இன்று நாம் காணும் பல படங்களுக்கு அடிப்படை. அதில் பெரும்பாலான ஆசனங்களுக்கு ஒரு நிழற்படம், மூச்சுக்கான குறிப்பு, செய்யக்கூடாதவர் யார் என்னும் எச்சரிக்கை ஆகிய மூன்றும் இருக்கும்.

நம் வாடிக்கையாளர் ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, இப்படிப்பட்ட ஒரு படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வீட்டில் தாமாகவே பயிற்சியைத் தொடங்கினார். இரண்டாம் நாள், குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனத்திலிருந்து நிமிர்ந்தபோது கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் படத்தைப் பார்த்தார், ஆனால் படிக்கவில்லை. எங்கே தவறு நேர்ந்தது என்று காண்பது, புதிதாகத் தொடங்கும் எவருக்கும் பயன்படும்.

நிழற்படம் காட்டுவதும் காட்டாததும்

நிழற்படம் ஆசனத்தின் முடிவு நிலையை மட்டுமே காட்டுகிறது. அந்நிலைக்குச் செல்லும் வழியும், அதிலிருந்து திரும்பும் வழியும் அதில் இல்லை. படத்தில் நிற்பவர் பல ஆண்டுகள் பயின்றவர். அவருடைய கை தரையைத் தொடுகிறது என்பதால் நம் கையும் முதல் நாளே தொட வேண்டியதில்லை. முறைநூலே, முதுகு இறுக்கமாக உள்ளவர்கள் தம்மால் இயன்ற அளவே குனியலாம் என்கிறது.

நம் வாடிக்கையாளர் விரல் தரையைத் தொடுவதையே இலக்காகக் கொண்டார். இடுப்பு வளையாத நிலையில் எட்டிப் பிடிக்க முயன்றதால் முதுகின் நடுப்பகுதி கூனியது. குனிதல் இடுப்பு மூட்டிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இடுப்பும் தொடையும் சேரும் மடிப்பில் விரல்களை வைத்துக்கொண்டு குனிந்தால், அம்மடிப்பு விரல்களை அழுத்த வேண்டும். அழுத்தாமல் முதுகு மட்டும் வளைந்தால் அங்கேயே நின்று, முழங்காலைச் சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். தொடையின் பின்தசையில் மெல்லிய இழுப்புத் தோன்றுவது இயல்பு. முதுகில் குத்தும் வலியோ, காலுக்குள் மின்னல்போல் இறங்கும் வலியோ தோன்றினால் உடனே நிறுத்துதல் வேண்டும்.

மூச்சுக் குறிப்பு எதற்கு உரியது?

மூச்சுக் குறிப்பு நிழற்படத்தின் அருகில் அச்சிடப்பட்டிருப்பதால், அந்நிலையில் நிற்கும்போது அப்படிச் செய்ய வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது அசைவுக்கு உரியது. பாதஹஸ்தாசனத்தில் மூச்சை உள்ளிழுத்தபடி கைகளை மேலே உயர்த்துகிறோம், வெளிவிட்டபடி குனிகிறோம், குனிந்த நிலையில் பத்து முதல் முப்பது விநாடி வரை இயல்பாக மூச்சு விடுகிறோம், உள்ளிழுத்தபடி மெதுவாக நிமிர்கிறோம், வெளிவிட்டபடி கைகளைக் கீழே இறக்குகிறோம்.

இதன் காரணம் எளிது. கைகள் உயரும்போது விலா எலும்புகள் விரிகின்றன, காற்று தானே உட்புகுகிறது. குனியும்போது வயிறு அழுந்தி உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, காற்று வெளியேற இடம் கேட்கிறது. உடல் விரிந்தால் உள்ளிழு, மடங்கினால் வெளிவிடு என்று நினைவில் கொண்டால், இவ்வகை ஆசனங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். சில படங்களில் பூரகம், ரேசகம், கும்பகம் என்ற சொற்கள் இருக்கும். பூரகம் உள்ளிழுத்தல், ரேசகம் வெளிவிடுதல், கும்பகம் மூச்சை நிறுத்துதல். கும்பகம் என்று குறித்த பயிற்சியை ஆசிரியரின்றித் தொடங்காதிருப்பது நலம்.

நம் வாடிக்கையாளர் வெளிவிடுதல் என்பதைப் படித்து, குனிந்தபடி முழு மூச்சையும் வெளியேற்றிவிட்டு அப்படியே அடக்கிக்கொண்டார். மூச்சடக்கித் திணறும்போது இரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. முகம் சிவந்து சூடாவதும், பற்களைக் கடிப்பதும், நிமிர்ந்ததும் பெருமூச்சு வாங்குவதும் அதன் அடையாளங்கள். அதன்பின் அவர் விரைந்து நிமிர்ந்தார். தாழ்ந்திருந்த தலை திடீரென உயரும்போது மூளைக்குச் செல்லும் இரத்தம் சில நொடி குறைகிறது, கண் இருளுகிறது.

எச்சரிக்கை வரியை முதலில் படிக்க

படத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள எச்சரிக்கையை நாம் கடைசியில் படிக்கிறோம், அல்லது படிப்பதே இல்லை. கடன் பத்திரத்தின் நிபந்தனைகளைக் கையொப்பமிட்ட பின் படிப்பதைப் போன்றது இது. பாதஹஸ்தாசனத்தை இதய நோய், முதுகெலும்பு வட்டுக் கோளாறு, குடலிறக்கம், வயிற்றுப்புண், கண் அழுத்த நோய், தலைச்சுற்றல் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் தவிர்க்க வேண்டும். தலை இதயத்திற்குக் கீழே தாழும்போது கண்ணுக்குள் அழுத்தம் உயர்வதால்தான் கண் நோய் இப்பட்டியலில் இடம்பெறுகிறது.

எளிதெனத் தோன்றும் ஆசனங்களுக்கும் எச்சரிக்கை உண்டு. கைகளைக் கோத்து உயர்த்திக் கால்விரல்களில் எழும் தாடாசனத்தில், கடும் இதயக் கோளாறு, காலில் நரம்புச் சுருட்டல், தலைச்சுற்றல் உள்ளவர்கள் குதிகாலை உயர்த்தக் கூடாது. பாதம் தரையில் படிந்தபடியே கைகளை மட்டும் உயர்த்தலாம். எச்சரிக்கை எப்போதும் முழுத் தடை அன்று என்பதை இது காட்டுகிறது. எந்தப் பகுதியைத் தவிர்ப்பது என்று கேட்டறிய வேண்டும்.

நம் வாடிக்கையாளர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவர். சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது அழுத்தம் தாழும் இயல்பை மிகுவிக்கின்றன. அவர் மருத்துவரிடம் படத்தைக் காட்டினார். அவர் அறிவுரைப்படி இப்போது பாதஹஸ்தாசனத்தை விட்டுவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்து இடுப்பளவில் மட்டும் வளைகிறார். தலை இதயத்திற்குக் கீழே இறங்குவதில்லை. நிமிர்ந்தபின் இரண்டு மூச்சு நின்றுவிட்டே அடுத்த ஆசனத்திற்குச் செல்கிறார். வாரம் ஒருமுறை அவருடைய துணைவியார் பக்கவாட்டில் நின்று முதுகு கூனுகிறதா என்று பார்த்துச் சொல்கிறார். நம் முதுகை நாமே காண இயலாதல்லவா?

தில்லிவாசிகளுக்கு ஒரு குறிப்பு. நவம்பர், டிசம்பர் மாதங்களில் காற்று மாசு மிகும் காலையில் பூங்காவில் ஆழ்ந்து மூச்சிழுப்பதைவிட, வீட்டினுள் செய்வதே ஏற்றது. நேரில் கற்க விரும்புவோருக்கு அசோகா சாலையில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மொரார்ஜி தேசாய் தேசிய யோகா நிறுவனம் உள்ளது.

ஆக, படத்தைக் கையில் எடுத்ததும் அடியிலிருந்து மேலே படிப்போம். முதலில் எச்சரிக்கை, அடுத்து மூச்சு, இறுதியில் நிழற்படம்.