கன்னத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி: டாட்ஜ் அண்ட் பர்ன்

இன்னிக்கு ஒரே ஒரு போட்டோவைப் பத்திதான் பேசப்போறேன். அருப்புக்கோட்டை பக்கம் எம்.ரெட்டியபட்டியில, சொந்தத்துல ஒரு கல்யாணம். கரிசக்காட்டு வெயில் தெரியும்ல? மதியத்துல எடுத்தா கண்ணுக்குக் கீழ குழி விழும். அதனால சாயங்காலம் நாலரை மணிக்கு, வேப்பமரத்து நிழல்ல பொண்ணை நிக்க வச்சு எடுத்தேன். வெளிச்சம் படத்தோட இடப்பக்கத்துல இருந்து வருது. நல்ல கருப்பு நிறம், நிறைஞ்ச கன்னம்.

வீட்டுக்கு வந்து யூடியூப் மேக்கப் வீடியோல சொல்ற மாதிரி, காதுலேர்ந்து வாயோரம் வரைக்கும் ரெண்டு பக்கமும் பர்ன் பண்ணேன். மேல வெள்ளையா ஹைலைட், நடுவுல பிங்க். போன்ல அனுப்பினா, பொண்ணோட அப்பத்தா பார்த்துட்டு, "யாருடா இவ, பத்து நாளு சோறு தண்ணி இல்லாம கெடந்தவ மாதிரி?"ன்னு கேட்டுச்சு.

இத்தனைக்கும் நான் Liquify பக்கமே போகல. ஒரு பிக்ஸலைக்கூட நகத்தல. ஆனா நம்ம கண்ணு மேடு பள்ளத்தை வெளிச்சத்தையும் நிழலையும் வச்சுத்தான் படிக்குது. இல்லாத இடத்துல நிழல் போட்டா அங்க ஒரு குழி இருக்குன்னு அர்த்தமாயிடும். எலும்பு மாறாமலே முகம் மாறிடும்.

பழைய டார்க்ரூம்ல டாட்ஜ்னா, பேப்பர் மேல வெளிச்சம் விழும்போது ஒரு அட்டையால மறைக்கிறது. மறைச்ச இடம் பிரிண்ட்ல வெளுப்பா வரும். பர்ன்னா ஒரு இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டுறது, அது கருக்கும். நெகட்டிவ்ல ஏற்கெனவே இருக்கிறதைக் கூட்டவோ குறைக்கவோதான் முடியும். கன்னத்துக்கும் அதேதான் வழி.

ரெண்டாவது தடவை இப்படிச் செஞ்சேன். ஃபைலை 16 பிட்ல திறந்தேன், இல்லன்னா கன்னத்தோட மெல்லிய சாய்வுல பட்டை பட்டையா கோடு விழும். ரெண்டு Curves லேயர். ஒண்ணுல நடுப்புள்ளியை லேசா மேல, இன்னொண்ணுல லேசா கீழ. ரெண்டு மாஸ்க்கையும் Ctrl+I அழுத்திக் கருப்பாக்கிட்டு, வெள்ளை பிரஷ்: Hardness 0, Flow 2%. பிரஷ் சைஸ் கன்னத்துல பாதி அகலம். சின்ன பிரஷ் எடுத்தா கோடு தெரியும்.

பிரஷ் வைக்கிறதுக்கு முன்னாடி, மேல ஒரு Black & White லேயர் போட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இடது கன்ன எலும்பு மேல ஏற்கெனவே ஒரு மினுமினுப்பு இருந்துச்சு. அதை மட்டும் டாட்ஜ் பண்ணேன். வலது கன்னம் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம், அங்க ஹைலைட்டே கிடையாது, போடவும் இல்ல. பர்ன், வலது கன்னத்தோட வெளி ஓரத்துல இருக்கிற நிழலுக்குள்ள மட்டும். நிழல் முடியுற இடத்தைத் தாண்டி ஒரு தடவு கூட இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கான்டூர் இருந்தாலே அது கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு தெரிஞ்சுடும்.

கருப்பு நிறத்துல ரெண்டு விஷயம் கவனிக்கணும். வெள்ளை கலரை நேரடியா பூசினா பவுடர் அப்பின மாதிரி சாம்பல் அடிக்கும். Curves-ல ஏத்தினா தோலோட நிறம் கூடவே வரும். ஆனா பர்ன் பக்கம் Curves-ஓட பிளெண்ட் மோட் Normal-ல இருந்தா நிழல் செங்கல் மாதிரி சிவக்கும். அந்த லேயரை Luminosity-க்கு மாத்துங்க, சரியாயிடும்.

ப்ளஷ் தனி லேயர், Soft Light. கலரை மேக்கப் பெட்டியில தேடாதீங்க. அந்தப் பொண்ணோட உதட்டுலயே எடுங்க. எனக்குக் கிடைச்சது மங்கலான செம்பழுப்பு. பிங்க் அவ தோல்ல மேலயே மிதந்துச்சு, இது உள்ள இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. சிரிக்கும்போது உருண்டு வர்ற இடத்துல அதிகமா, மூக்குத்தண்டு மேல துளியூண்டு. லேயர் Opacity 25%.

அப்புறம் எழுந்து போய் டீ குடிச்சுட்டு வந்தேன், நிஜமாவே உதவும். எல்லா லேயரையும் ஒரு குரூப்ல போட்டு, கண் ஐகானை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்க்கணும். தோல் மட்டும் மாறினா சரி. தாடையோ கன்னமோ அசையுற மாதிரி இருந்தா அதிகம். எனக்கு லேசா அசைஞ்சுது. குரூப்பை 60%க்கு இறக்கினதும் நின்னுச்சு. படத்தை போன் அளவுக்குச் சுருக்கி, அன்னிக்கே எடுத்த இன்னொரு படத்தோட பக்கத்துல வச்சும் பார்த்தேன்.

ஒண்ணு சொல்லிடறேன். கேமரா மேல இருக்கிற ஃப்ளாஷ்ல நேரா அடிச்ச படத்துல இது நடக்காது. நிழலே இல்லாத முகத்துல கூட்டுறதுக்கு என்ன இருக்கு? அங்க ப்ளஷ் மட்டும் போட்டுட்டு கான்டூரை விட்டுடுங்க.

அப்பத்தாவுக்குத் திரும்ப அனுப்பினேன். "இப்பத்தான் எம்பேத்தி மாதிரி இருக்கு, பொட்டுதான் கோணையா இருக்கு"ன்னுச்சு. பொட்டு நெஜமாவே கோணைதான். அதை நான் தொடல.