1.2 கோடியும் 68 சதவீதமும் கடல் தாண்டும்போது

இந்திய முறையில் எண்ணுக்குக் கமா போடும்போது வலப்பக்கம் மூன்று இலக்கம் விட்டு முதல் கமா, அதன்பின் இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒன்று. மேலை நாடுகளில் எப்போதும் மும்மூன்றுதான். 1,20,00,000 என்ற எண்ணைப் பார்க்கும் ஜெர்மனிக்காரருக்கு அது அச்சுப்பிழையாகத் தோன்றும். அங்கே கமா தசமப்புள்ளியின் வேலையைச் செய்வதால் குழப்பம் இன்னும் கூடும்.

கோயம்புத்தூர் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கும் பொறியாளர் ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 15 கோடி ரூபாய்க் கொள்முதலில் 1.2 கோடி மிச்சப்படுத்தியவர். பயோடேட்டாவில் "Saved Rs. 1.2 Cr" என்று எழுதியிருக்கிறார். கணக்கர்கள் Cr என்பதை வரவுக் குறியாகவும் படிப்பார்கள். Rs என்பதோ பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ரூபாய்க்கும் பொது.

கோடியைப் பத்தால் பெருக்கினால் மில்லியன். லட்சத்தைப் பத்தால் வகுத்தாலும் மில்லியன். ஆக 1.2 கோடி 12 மில்லியன், 15 கோடி 150 மில்லியன். திருத்திய வரி இப்படி இருக்கும்:

```
Saved INR 12 million (approx. EUR 133,000),
8% of annual procurement
```

இங்கே ஒரு யூரோ 90 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளின் மதிப்பைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வரியில் உண்மையில் பேசுவது 8% தான். நாணயம் எதுவானாலும் அது மாறாது.

மதிப்பெண் இதைவிடச் சிக்கல். இந்தப் பொறியாளர் பட்டப்படிப்பில் எடுத்தது 68%. இந்தியாவில் பெரும்பாலும் முதல் வகுப்பு. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி வழக்கத்தில் பழகிய கண்ணுக்கு அது D, அதாவது தேறியும் தேறாத நிலை. பிரிட்டனில் 70-க்கு மேல்தான் முதல் வகுப்பு என்பதால், 68 அங்கே நல்ல இரண்டாம் வகுப்பு. நூற்றை நான்காகச் சுருக்கி 2.72 ஜிபிஏ என்று போடுவது பலர் செய்யும் தவறு. இந்தியத் தாள் திருத்தலின் கண்டிப்பு அந்தப் பெருக்கலில் காணாமல் போய்விடும்.

ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெரிதும் பயன்படுத்தும் பவேரியச் சூத்திரம் இது:

```
1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

Nmax அதிகபட்ச மதிப்பெண், Nmin தேர்ச்சிக்கான குறைந்தபட்சம், Nd பெற்றது. தேர்ச்சி 50 என்றால் 68%க்கு 2.9 வருகிறது, தேர்ச்சி 40 என்றால் அதே மதிப்பெண் 2.6 ஆகிறது. தேர்ச்சி எல்லை தெரியாமல் மாற்றவே முடியாது என்பதால் அதையும் பயோடேட்டாவில் எழுதுவது நல்லது:

```
68% (First Class; pass mark 50%)
```

சிஜிபிஏ என்றால் 8.1/10 என்று அளவுகோலோடு தர வேண்டும். வெறும் 8.1 எழுதினால் நான்குக்கு எட்டு எப்படி என்று அமெரிக்கர் விழிப்பார். தாமே கணக்கிட்ட ஜெர்மன் மதிப்பெண்ணைப் போடுவதானால் மூல மதிப்பெண்ணின் பக்கத்தில் தோராயம் என்ற குறிப்போடு மட்டுமே போடலாம். சான்றிதழில் இருப்பது 68%. சரிபார்ப்பவர் தேடுவதும் அந்த எண்ணைத்தான்.