சிப்பம் வாங்குவோர் எங்கே போனார்கள்?

திண்டுக்கல் பக்கம் ஒரு தாலுகா ஊர். அங்கே கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் மாணவி ஒருத்திக்கு, கடைவீதிக்கு வருகிறவர்கள் அரிசியை எப்படி வாங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை. ஐந்து கிலோ, பத்து கிலோ என்று சில்லறையாக வாங்குகிறார்களா, சிப்பமாகவே வாங்கிவிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. கடைவீதியை ஒட்டியே பஸ் ஸ்டாண்ட். அங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்ல நேரமும் உண்டு. காலையில் நோட்டுடன் போய் நின்றாள். நூறு பேரைக் கேட்டதில், சிப்பம் வாங்குவதாகச் சொன்னவர்கள் பத்தே பேர்.

இந்த ஊரில் சிப்பம் அவ்வளவாகப் போவதில்லை என்று எழுதியும் விட்டாள். ஆனால் வீட்டுக்கு அரிசி வாங்கப் போன கடையில் 26 கிலோ சிப்பங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. (25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ சிப்பங்கள் கடைக்கு வரத் தொடங்கின.)

"இதையெல்லாம் யாரு அண்ணாச்சி வாங்குறாங்க?"

"வண்டியில வர்றவங்கள்ல பாதிப்பேரு இதத்தாம்மா வாங்குறாங்க. முன்னாடி வச்சுக்கிட்டுப் போயிருவாங்க. பஸ்ல போறவங்க இதத் தூக்கிக்கிட்டு எப்படி ஏறுவாங்க? அவங்களுக்குச் சில்லறைதான்."

பஸ் ஸ்டாண்டில் யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியிலும் கோளாறில்லை. அவள் நின்ற இடம்தான் பதிலை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. பஸ்ஸில் போகிறவர் கை தாங்கும் அளவுக்குத்தான் வாங்க முடியும். அப்படிப்பட்டவர்களை மட்டுமே நிறுத்திக் கேட்டால் சில்லறை என்றுதான் பதில் வரும். புள்ளியியலில் இதை மாதிரிச் சாய்வு என்கிறார்கள். யார் நம் கண்ணில் படுகிறார்கள் என்பதும், நாம் அளக்கும் விஷயமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் சாய்வு வரும். காப்பி பிடிக்குமா, டீ பிடிக்குமா என்று அதே இடத்தில் கேட்டிருந்தால் இவ்வளவு பிசகியிருக்காது. வாங்கும் எடையைக் கேட்டதால்தான் வினை.

இன்னும் ஐந்நூறு பேரைக் கேட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. 1936-ல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை, டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேடுகளிலும் பெயர் எடுத்து சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தேர்தல் கணிப்பு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லேண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை சொன்னது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் பட்டியலில் ஏழைகள் குறைவு. ரூஸ்வெல்ட் ஆதரவாளர்கள் பலர் அட்டையைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

மாணவி முதலில் கடைவீதியின் இரண்டு முனையிலும் நின்று, யார் எதில் வருகிறார்கள் என்று மட்டும் எண்ணினாள். பத்துப் பேரில் நால்வர் பஸ், மற்ற ஆறு பேர் பைக், ஸ்கூட்டர் போன்ற சொந்த வண்டி. பிறகு வண்டி நிறுத்தும் இடத்தில் கேட்டதில், அண்ணாச்சி சொன்னபடியே நூற்றுக்கு ஐம்பது பேர் சிப்பக்காரர்கள். இரண்டையும் வெறுமனே கூட்டி இரண்டால் வகுத்தால் 30 சதவீதம் வரும். அது தப்பு, ஏனென்றால் இரு தரப்பாரும் சம எண்ணிக்கையில் இல்லை. கடைவீதிக்கு வரும் நூறு பேரில் பஸ்காரர் 40 பேர், அவர்களில் பத்தில் ஒருவர் என்றால் 4. வண்டிக்காரர் 60 பேர், அவர்களில் பாதி 30. ஆக 34 சதவீதம். பஸ் ஸ்டாண்ட் காட்டியது போல மூன்று மடங்குக்கும் மேல்.

அந்தப் பத்துச் சதவீதத்தையும் அப்படியே நம்ப முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே இன்னொரு சாய்வு ஒளிந்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உள்ள ஊர்க்காரர் வந்ததும் ஏறிப் போய்விடுவார். மணிக்கு ஒரு பஸ் உள்ள கிராமத்துக்காரர் சராசரியாக அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கக்கூடும். நோட்டும் கையுமாக நிற்பவரிடம் சிக்குவது அவர்தான். பெஞ்சில் காத்திருப்பவர்களைக் கேட்காமல், அரிசிக் கடையிலிருந்து வெளியே வருபவர்களில் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் கேட்பது இதற்கு மாற்று. காலை, மாலை, ஞாயிறு, சம்பள நாள் எல்லாவற்றிலும் கேட்க வேண்டும். சம்பளம் வந்த முதல் வாரத்தில்தானே பலர் மாதச் சாமான் வாங்குகிறார்கள்.

அதிலும் அகப்படாத ஒரு கூட்டம் உண்டு: கடைக்குப் போன் போட்டு, வீட்டு வாசலிலேயே சிப்பத்தை இறக்கிக்கொள்பவர்கள். அவர்கள் கடைவீதிக்கே வருவதில்லை. அவர்களையும் சேர்க்க வேண்டுமானால் தெருத் தெருவாக வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கதவைத் தட்டத்தான் வேண்டும். மாணவிக்கு அதற்கு நேரமில்லை. அறிக்கையின் தலைப்பில் இருந்த 'ஊர் மக்கள்' என்பதை அடித்துவிட்டு, 'கடைவீதிக்கு நேரில் வந்து வாங்குவோர்' என்று எழுதினாள்.