வண்டிச் சாவி யார் கையில்?

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். போக்குவரத்து இன்ஸ்பெக்டர் வந்து பேசுவார். விபத்துப் படங்கள் காட்டப்படும். மாணவர்கள் உறுதிமொழி எடுப்பார்கள், பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள். அன்று மாலை டியூஷனுக்குக் கிளம்பும் பிளஸ் ஒன் மாணவன் அப்பாவின் ஸ்கூட்டரை எடுப்பான். பின்னால் இரண்டு நண்பர்கள் ஏறிக்கொள்வார்கள். ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும்.

அவன் காலையில் சொன்ன உறுதிமொழி பொய்யில்லை. ஆபத்து என்ன என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் சாவி கையில் இருக்கிறது, டியூஷனுக்கு நேரமாகிறது, நண்பர்கள் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இவைதான் அவனை நடத்துகின்றன.

பாடம் நடத்தினால் விபத்து குறையுமா என்று பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1970களின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் சுமார் 16,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றைய நிலையில் மிகச் சிறந்த கார் ஓட்டும் பயிற்சி பள்ளியிலேயே கிடைத்தது. இன்னொரு குழுவுக்கு உரிமம் வாங்கத் தேவையான குறைந்தபட்சப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்குப் பள்ளியில் எதுவும் இல்லை. முதல் சில மாதங்களில் நல்ல பயிற்சி பெற்றவர்களிடம் சிறிது பலன் தெரிந்தது. பிறகு அது மறைந்துபோனது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி அலசியபோது இன்னொரு விஷயம் தெரியவந்தது. முழுப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே உரிமம் வாங்கிச் சாலைக்கு வந்திருந்தார்கள். பயிற்சியால் கிடைத்த கொஞ்சப் பாதுகாப்பையும் சின்ன வயதிலேயே வண்டி ஓட்டத் தொடங்கியது விழுங்கிவிட்டது. 2001இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும், பள்ளி ஓட்டுநர் பயிற்சி விபத்துகளைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது.

பதினாறு வயதுப் பையனுக்கு வண்டியை வளைத்து ஓட்டும் லாகவம் ஒரு மாதத்தில் வந்துவிடும். எதிரே வரும் பேருந்தின் வேகத்தை மட்டுக்கட்டும் பக்குவம் வரச் சில வருடங்கள் ஆகும். லாகவத்தை மட்டும் பள்ளி வளர்த்துவிட்டால் வளர்வது துணிச்சல்தான். நண்பர்கள் உடனிருந்தால் அந்தத் துணிச்சல் இன்னும் ஏறும். இளம் ஓட்டுநரின் காரில் அதே வயதுப் பயணிகள் கூடக் கூட மரண ஆபத்தும் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தபோது, புது ஓட்டுநர்கள் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டுவதையும் நண்பர்களை ஏற்றிச் செல்வதையும் கட்டுப்படுத்தியது இந்தக் காரணத்தால்தான்.

நம் சட்டமும் சாவியைத்தான் குறிவைக்கிறது. 16 வயதானவர், பெற்றோர் சம்மதத்துடன், கியர் இல்லாத 50 சிசிக்கு மேற்படாத வண்டியை உரிமம் பெற்று ஓட்டலாம். டி.வி.எஸ் 50 ஓடிய காலத்துக்குப் பொருந்திய சலுகை இது. இன்று வீடுகளில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை. அவற்றை ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாவார். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கவும் வாய்ப்புண்டு.

ஆகவே பள்ளியின் முதல் கூட்டம் பெற்றோருடன் நடக்க வேண்டும். “உங்க வண்டி, உங்க பேர்ல கேஸ்” என்ற ஒரு வரி, மாணவர்களிடம் நீட்டி முழக்கும் அறிவுரையைவிட வேகமாக வீட்டுக்குள் நுழையும்.

அடுத்தது ஹெல்மெட். ஹெல்மெட் அணிந்தால் மரண ஆபத்து சுமார் 42 சதவீதமும் தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவீதமும் குறைவதாக இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், பின்னால் அமர்பவர் உட்பட, அணிய வேண்டும் என்பது நம் சட்டம். ஆனால் பள்ளி வாசலில் பார்த்தால், அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை வெறுமையாக இருக்கும்.

வியட்நாமும் இதைச் சந்தித்தது. 2007 டிசம்பர் 15 முதல் அங்கே ஹெல்மெட் கட்டாயமானது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடனே அணியத் தொடங்கினார்கள். குழந்தைகள் பின்தங்கினார்கள். ஹெல்மெட் கனத்தால் பிஞ்சுக் கழுத்து பாதிக்கும் என்ற வதந்தி ஒரு காரணம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக யாரிடமும் அபராதம் வாங்க முடியாதது இன்னொரு காரணம். பிறகு, குழந்தையை ஏற்றிச் செல்லும் பெரியவருக்கு அபராதம் என விதி மாறியது. அங்கே பள்ளிகளில் ஹெல்மெட் வழங்கும் திட்டத்தை நடத்தியவர்கள், கொடுத்ததோடு நிற்காமல் எத்தனை பிள்ளைகள் உண்மையில் அணிகிறார்கள் என்று வாசலில் எண்ணியும் பார்த்தார்கள்.

எண்ணுவதற்குச் செலவில்லை. இரண்டு பேர், ஒரு நோட்டு, காலை அரை மணி நேரம் போதும். மூன்று கட்டங்கள்: வார் மாட்டி அணிந்தவர், வார் மாட்டாமல் அணிந்தவர், அணியாதவர். ஓட்டுபவரையும் பின்னால் இருப்பவரையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். வார் மாட்டாத ஹெல்மெட் மோதலின்போது தலையை விட்டுக் கழன்று ஓடிவிடும் என்பதால் அதற்குத் தனிக் கட்டம். வாரை மாட்டிய பிறகு பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கித் தூக்கினால் கழன்று வந்தால், அந்த ஹெல்மெட் தலைக்குப் பெரிது.

ஒரு உதாரணம். நிகழ்ச்சிக்கு முன் எண்ணியபோது பின்னால் அமர்ந்து வந்த 100 பிள்ளைகளில் 12 பேர் அணிந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் 60 பேர். தலைமையாசிரியருக்கு மகிழ்ச்சி. மூன்று மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் எண்ணினால் 20. வாசலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி முக்கில் நின்று எண்ணினால் 14. கடைசி எண்தான் நிகழ்ச்சியின் உண்மையான மதிப்பெண்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 18 வயது ஆகாத மாணவன் ஹெல்மெட்டோடு ஓட்டி வந்தால் அவனுக்கு நல்ல மதிப்பெண் போடுவதா? போட்டால், அவன் ஓட்டி வருவதைப் பள்ளியே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் தாங்களே ஓட்டி வரும் சிறார்களைத் தனியாக எண்ண வேண்டும், அந்த எண் குறைவதுதான் இலக்காக இருக்க வேண்டும். வண்டியை வளாகத்துக்குள் விடக் கூடாது என்று தடுத்தால் மட்டும் போதாது. பக்கத்துத் தெருக் கடை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள்.

ஏன் வண்டி எடுக்கிறார்கள் என்று கேட்டால், பதில் சில நேரம் பள்ளியிடமே இருக்கும். தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு சைக்கிளும் தருகிறது. ஆனால் சிறப்பு வகுப்பு இருட்டிய பிறகு முடிந்து, ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் அதற்கு முன்பே போய்விட்டால், பாஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படிப்பட்ட பள்ளி, பதாகை எழுதுவதற்கு முன் வகுப்பு முடியும் நேரத்தை அரை மணி முன்னால் கொண்டுவரலாம், அல்லது பஸ் டெப்போ மேலாளரிடம் நேரத்தை மாற்றித் தரக் கேட்டு மனு கொடுக்கலாம்.