கொண்டெய்னர் துறைமுகத்தில், கப்பல் கடலில்: கப்பல் கம்பனியிடம் எதைக் கேட்பது?

லண்டன் தமிழ்க் கடைகளுக்கான தைப்பொங்கல் சாமான் நவம்பர் கடைசியிலேயே கொழும்பில் கப்பல் ஏற வேண்டும். செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் கப்பலுக்கு ஒரு மாதம் அளவில் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு வரி மின்னஞ்சல் ஒன்று வரும்: உங்கள் புக்கிங் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டுள்ளது, புதிய திகதி இது. காரணம் இருக்காது. கப்பல்காரர் பாஷையில் இதற்கு 'ரோல்' என்று பெயர்.

ஒரு கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். சம்பா அரிசி, ஒடியல் மா, குரக்கன் மா ஏற்றிய இருபதடிக் கொண்டெய்னர். நவம்பர் 28 கப்பல், லண்டன் கேற்வே துறைமுகத்துக்கு டிசம்பர் 30 வர வேண்டியது. இப்போது டிசம்பர் 12 கப்பலில் போட்டிருக்கிறார்கள். வந்து சேர்வது ஜனவரி 13. சுங்கம் முடித்துக் கடைக்கு வரும்போது பொங்கல் முடிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, கப்பல் கம்பனியில் புக்கிங் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. ஃபோர்வேடர் ஊடாகப் போட்டிருந்தால் கம்பனி அவருக்குத்தான் பதில் சொல்லும், நீங்கள் எழுதினாலும் அவரிடமே திருப்பிவிடும். ஆகவே கடிதத்தை நீங்களே தயாரித்து, அவர் ஊடாக அனுப்புங்கள்.

அடுத்தது காரணம். பிழை எங்கள் பக்கம் எண்டால், அது பெரும்பாலும் கெடு தவறியதாக இருக்கும். 2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதிக் கொண்டெய்னரின் நிறுத்த எடையை முன்கூட்டியே அறிவிக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது. அந்த எடை, பில் ஒஃப் லேடிங் விவரம், கொண்டெய்னர் துறைமுக வாசலுக்குள் போவது, மூன்றுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. கம்பனியின் பக்கம் எண்டால், சிலர் சாமான் கொண்டுவரமாட்டார்கள் என்ற கணக்கில் இடத்துக்கு மேலாகப் புக்கிங் எடுத்திருக்கலாம். கப்பல் பிந்தி வந்து, ஏற்றுவதைப் பாதியில் நிறுத்திப் புறப்பட்டிருக்கலாம்.

இதை ஏன் கிளற வேண்டும்? காசுக்காகத்தான். வெறும் கொண்டெய்னரை எடுத்த நாள் முதல் இலவச நாட்கள் ஓடத் தொடங்கும். உள்ளே போனபின் துறைமுக வாடகை ஏறலாம். எடை அனுப்பிய நேரமும் வாசல் சீட்டும் கையில் இருந்தால், 'எங்கள் பக்கம் எல்லாம் கெடுவுக்குள் முடிந்தது, இந்த இரண்டு கிழமை வாடகை எங்களுடையதல்ல' என்று கேட்கலாம். ஆனால் பிந்தியதற்கு நட்டஈடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பில் ஒஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடி எழுத்தில், கப்பலை மாற்றும் உரிமையைக் கம்பனி தன்னிடமே வைத்திருக்கும்.

மூன்றாவது, மாற்றுக் கப்பல். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'அடுத்த கப்பல் எப்போது புறப்படும்?' என்று கேட்டால், டிசம்பர் 5 என்று பதில் வரும். ஆனால் அது றொட்டர்டாம், ஹம்பேர்க் எல்லாம் போய்விட்டு ஜனவரி 11தான் லண்டனைத் தொடும். அதே கம்பனியின் இன்னொரு சேவை டிசம்பர் 8 புறப்பட்டு ஜனவரி 8 பீலிக்ஸ்ரோவை நேராக அடைகிறது என்று வையுங்கள். அங்கிருந்து லொறியில் சில மணித்தியாலம்தான். பிந்திப் புறப்படுவது முந்தி வருகிறது. அதனால் கேட்க வேண்டியது, வந்து சேரும் திகதியை. வழியில் கப்பல் மாறுவதாக இருந்தால் இரண்டாவது கப்பலின் பெயரையும் கேளுங்கள், அங்கேயும் ஒரு முறை ரோல் ஆகலாம்.

கடிதம் இவ்வளவுதான்:

"புக்கிங் இலக்கமும் கொண்டெய்னர் இலக்கமும் மேலே உள்ளன. நவம்பர் 28 கப்பலுக்கான எடை, ஆவணம், வாசல் அனுமதி மூன்றும் கெடுவுக்குள் முடிந்தன, சான்று இணைப்பில். ஏற்றாததன் காரணத்தை எழுத்தில் தரவும். டிசம்பர் 5 கப்பலில் இடம் தராதது ஏன்? ஜனவரி 9க்கு முன் லண்டன் கேற்வே அல்லது பீலிக்ஸ்ரோ வந்துசேரும் எந்தச் சேவையும் எங்களுக்குச் சம்மதம். இறங்குதுறை மாறினால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் சொல்லவும். மேலதிக நாட்களுக்கான கட்டணத்தை நீக்கித் தரவும். நாளை மதியத்துக்குள் பதில் வேண்டும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 8 கப்பலுக்கும் கெடு உண்டு. புதிய கப்பலின் பெயருக்கு ஆவணங்களைத் திருத்தவே ஒன்றிரண்டு நாள் வேண்டும். பதில் வந்ததும் 'இடம் உறுதி' என்ற வார்த்தையோடு நிற்காமல், திருத்திய புக்கிங் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் புதிய கப்பலின் பெயர் இல்லையென்றால், கொண்டெய்னர் இன்னும் டிசம்பர் 12 கப்பலுக்குத்தான் காத்திருக்கிறது.