டப்பா வந்தது சரி... அம்மா சாப்பிட்டாரா? தனியாக வாழும் பெற்றோருக்குக் குழைவான சாப்பாடு ஏற்பாடு செய்கிறீர்களா?

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சாப்பாடு சொல்லிவிடுவது இப்போது எளிது. அக்கம்பக்கத்தில் வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் மெனு வருகிறது, மதியம் டப்பா வந்துவிடுகிறது. ராத்திரி போனில் ``சாப்டாச்சாம்மா?'' என்று கேட்டால் ``ஆச்சுப்பா'' என்று பதிலும் வந்துவிடும்.

ஆனால், அந்த `ஆச்சு'வில் பாதி டப்பா மிச்சமிருப்பது தெரியாது. பொரியலை மெல்ல முடியாமல் ஒதுக்கியிருப்பார்கள், சாதம் விறைத்திருக்கும், அல்லது சாப்பிடும்போது இருமல் வந்து பயந்து நிறுத்தியிருப்பார்கள். கேட்டால் சொல்லவும் மாட்டார்கள்.

`குழைவா வேணும்' என்றால் போதாது

`சாஃப்ட் டயட்' என்று சொன்னால் ஒவ்வொரு சமையற்காரரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார். ஒருவர் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துவிடுவார். இன்னொருவர் காரத்தை மட்டும் குறைப்பார். அதனால் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் அளவாகச் சொல்வது நல்லது.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களின் உணவுக்கென்று உலக அளவில் ஒரு பொது அளவுமுறை இருக்கிறது. அதில் பெரியவர்களுக்கான `மென்மையான, சிறு துண்டு' உணவில் ஒரு துண்டு ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதையும் மெல்ல முடியாதவர்களுக்கு நன்றாக நறுக்கி, ஈரப்பசையோடு தரும் உணவு. அதில் துண்டின் அகலம் 4 மில்லிமீட்டர்தான். சாதாரண முள்கரண்டியின் இரு முள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மென்மையைச் சோதிக்கவும் அதே முள்கரண்டி போதும். வெந்த காயை அதனால் அழுத்துங்கள். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் காய் நசுங்க வேண்டும். எடுத்த பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பக் கூடாது. அப்படி இருந்தால் சரி.

நம் சமையலில் சிக்கல் தருபவை வேறு சில. தாளிப்பில் போடும் கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, மிளகாய்த் தோல், கீரைத்தண்டின் நார் ஆகியவை வாயில் தனியாக நிற்கும். சோறும் தண்ணீரான ரசமும் சேரும்போது ரசம் முதலில் தொண்டைக்குள் ஓடிவிடும், பருக்கை பின்னால் வரும். விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு இதில்தான் புரையேறும். ரசத்தோடு சாதத்தை நன்றாக மசித்து ஒன்றாக்கிக் கொடுத்தால் அந்தச் சிக்கல் குறையும்.

சாப்பிடும்போது அடிக்கடி இருமல், சாப்பிட்ட பின் குரல் கரகரவென ஈரமாக ஒலிப்பது, திரும்பத் திரும்ப வரும் சளிக்காய்ச்சல் ஆகியவை இருந்தால், உணவு சாப்பிடும் பாதைவிட்டு மூச்சுக்குழாய்க்குப் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது டப்பாவுக்குச் சொல்வதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுப்பில் குழைவு, வாசலில் கட்டி

12 மணிக்குக் குழைந்திருந்த சாதம் 1 மணிக்கு ஏன் கட்டியாகிறது? ஆறும்போது அரிசியின் மாவுச்சத்து இறுகுவதால்தான். தயிர்சாதமும் வழியிலேயே கெட்டிப்படும். அதனால் வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்வாகவே கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். தயிர்சாதத்தில் பால் கூடுதலாகவும் தயிர் குறைவாகவும் கலந்தால் புளிக்காமலும் இருக்கும், இறுகாமலும் இருக்கும். சாப்பிடும் முன் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுப் பிசைந்துகொள்ள அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

சமைத்த உணவு, சூடு இறங்கிய நிலையில் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. `மதியம் வருவதில் பாதியை ராத்திரிக்கு' என்று பெரியவர்கள் வைத்துக்கொள்வதால் இது முக்கியம். ராத்திரிக்கும் தேவையென்றால் தனியாக ஒரு டப்பா வரட்டும்.

குழைவு தேடும்போது கஞ்சியும் சாதமும் மட்டுமே நிறைந்துபோவதும் உண்டு. ஒரு வேளையில் மசித்த பருப்போ, முட்டையோ, தயிரோ கட்டாயம் இருக்கட்டும். புரதம் குறைந்தால் முதியவர்களின் தசைதான் கரையும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மாத்திரையும் டப்பாவும்

சர்க்கரைக்காரர்களின் விஷயத்தில் தாமதம் ஆபத்தானது. உதாரணத்துக்கு, தனியாக இருக்கும் 78 வயது அம்மாவை எடுத்துக்கொள்வோம். 12.30-க்கு டப்பா வரும் என்று நம்பி 12.15-க்கே சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரையைப் போட்டுவிடுகிறார். டப்பா 1.30-க்கு வருகிறது. சில வகை சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் இந்த இடைவெளியில் சர்க்கரையைச் சட்டென இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும், வீட்டில் பார்க்க ஆளும் இல்லை.

எனவே, டப்பா கைக்கு வந்த பிறகு மாத்திரை போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டு அதையே வழக்கமாக்குங்கள். சமையல்காரரிடம் `1 மணிக்குள் வராவிட்டால் 12.45-க்கே போன் செய்யுங்கள்' என்றும் சொல்லுங்கள். கைக்கெட்டும் இடத்தில் கொஞ்சம் குளுக்கோஸும் இருக்கட்டும்.

நம்பிக்கையை எப்படிப் பார்ப்பது?

வீட்டில் சமைத்து விற்பவராக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். 14 இலக்க எண் கொடுப்பார்கள். அதை foscos.fssai.gov.in தளத்தில் சரிபார்க்கலாம். அதற்குப் பிறகு உங்கள் கண்ணுக்குத் தெரியும் சாட்சி, திரும்பி வரும் டப்பாதான்.

கழுவாமல் வரும் டப்பாவில் என்ன மிச்சமிருக்கிறது என்று வாரத்துக்கு இரண்டு நாளாவது போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நாள் பொரியல் அப்படியே வந்தால் காய் வேகவில்லை, அல்லது பல் வலிக்கிறது. எல்லாமே மிச்சம் என்றால் பசியில்லை. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். 52 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 2.6 கிலோவுக்கு மேல் காரணமின்றிக் குறைந்தால், அது 5 சதவிகிதத்துக்கு மேல். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

டெலிவரி தம்பியிடமும் ஒன்று பேசி வையுங்கள். கதவு தட்டி ஐந்து நிமிடம் பதில் இல்லையென்றால் வாசலில் வைத்துவிட்டுப் போகாமல், எந்தப் பக்கத்து வீட்டுக்காரரை, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். சாவியும் ஏ.டி.எம் கார்டும் ஓ.டி.பி-யும் யாரிடமும் கொடுப்பதில்லை என்று அம்மாவிடமும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

பணம்: முன்கூட்டி எவ்வளவு?

ஒரு வேளை 120 ரூபாய், தினம் இரண்டு வேளை என்று வைத்துக்கொண்டால் 30 நாளுக்கு 7,200 ரூபாய். மூன்று மாதம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றாலும், ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அந்தப் பணம் மாட்டிக்கொள்ளும். மாதக் கடைசியில் மொத்தமாகத் தருவதும் சரியில்லை. கையில் பணமில்லாத சமையல்காரர் முதலில் குறைப்பது முட்டையையும் பருப்பையும்தான்.

ஒரு வார முன்பணம், 1,680 ரூபாய், இருவருக்கும் நியாயம். இதை வாரா வாரம் நினைவு வைத்துக் கட்ட முடியாதவர்கள் உங்கள் கணக்கிலிருந்தே யு.பி.ஐ ஆட்டோபே போடலாம். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் வரும், வேண்டாமென்றால் ஆப்பிலேயே நிறுத்தலாம். அம்மாவின் போனில் எதுவும் செய்யத் தேவையில்லை.

கணக்குக்கு அம்மாவின் சமையலறைக் காலண்டர் போதும். பால் கார்டு போல வந்த வேளைக்கு ஒரு கோடு, வராத வேளைக்கு ஒரு சுழி. முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் சொன்னால் மறுநாள் கழிவு, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்குக் கட்டணமில்லை என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ப்பதற்கு முன் மூன்று நாள் பணம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். அதில் ஒரு நாளாவது ஊருக்குப் போய், அம்மாவோடு உட்கார்ந்து அதே டப்பாவைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். எத்தனை வாய் உள்ளே போகிறது, எது ஒதுங்குகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.