சைட்டா, டிசைன் ஆபீஸா? ஆஃபர் லெட்டர்ல 6,000 ரூபாய் வித்தியாசம், கையில எவ்வளவு?

போன மாசம் செங்கல்பட்டுல இருந்து ஒரு அப்பாவும் பையனும் என் ஆபீஸுக்கு வந்தாங்க. அப்பாவுக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும். பையன் பி.இ. சிவில் முடிச்சிருக்கான், கையில ரெண்டு ஆஃபர் லெட்டர். ஒண்ணு மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈ.சி.ஆர். ஓரத்துல ஒரு கட்டுமான சைட். இன்னொண்ணு கிண்டியில ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆபீஸ். "அண்ணா, சைட்டுல 32,000, டிசைன்ல 26,000. சைட்டுக்கே போயிடட்டுமா?"

இந்தக் கடற்கரையில சைட் வேலைக்குப் பஞ்சமில்ல. நெம்மேலியில 2013-ல கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்துச்சு. 2024-ல பக்கத்துலயே ரெண்டாவது ஆலை. அதுக்கு அடுத்து பேரூர்ல ஒரு நாளைக்கு 40 கோடி லிட்டர் தயாரிக்கிற ஆலைக்கு 2023-ல அடிக்கல் நாட்டினாங்க. டிசைன் ஆபீஸ்கள் பெரும்பாலும் சென்னைக்குள்ள. அதனால இந்தக் கேள்வி நம்ம ஏரியா பசங்களுக்கு அடிக்கடி வருது. அந்தத் தம்பியோட கணக்கையே போட்டுப் பார்ப்போம். எண்கள் அவனோடது, உங்களோடது வேற இருக்கும். ஆனா போடுற முறை ஒண்ணுதான்.

முதல்ல கையில நிக்கிற காசு

சைட் ஆஃபர் 32,000-ல பேசிக் 16,000, சைட் அலவன்ஸ் 9,000, மத்தது 7,000. பி.எஃப். 1,800 போனா 30,200. தங்குறது கம்பெனி ரூம், வாடகை இல்ல. மெஸ்ஸுக்கு 3,500, வாராவாரம் வீட்டுக்கு வந்து போறதுக்கும் பெட்ரோலுக்கும் 2,000. மிச்சம் 24,700.

டிசைன் ஆஃபர் 26,000. பி.எஃப். அதே 1,800. செங்கல்பட்டு வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம். மின்சார ரயில் சீசன், ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,500. மதிய சாப்பாடு, டீ 2,000. மிச்சம் 20,700.

ஆக 6,000 வித்தியாசம் 4,000 ஆயிடுச்சு. இப்ப நேரத்தைப் பாருங்க. சைட்டுல மாசம் 26 நாள், நாளுக்கு 11 மணி நேரம், மொத்தம் 286. கான்கிரீட் போடுற நாள்ல ராத்திரி ஆகும், அதை இதுல சேர்க்கல. டிசைன்ல 22 நாள், 9 மணி நேர வேலை, போக வர 3 மணி நேரம், மொத்தம் 264. ஒரு மணி நேரத்துக்கு சைட்டுல 86 ரூபாய், டிசைன்ல 78 ரூபாய். சைட் இன்னும் முன்னாடிதான். ஆனா நீங்க நினைச்ச அளவுக்கு இல்ல.

வரி பத்திக் கவலை வேண்டாம். சைட் அலவன்ஸ் வரிக்கு உட்பட்டதுதான், ஆனா 2025-26 நிதியாண்டுல புது வரி முறையில 12.75 லட்சம் வரைக்கும் சம்பளக்காரங்களுக்கு வரியே வராது.

அந்த 9,000 உங்க சம்பளம் இல்ல

சைட் அலவன்ஸை எடுத்துட்டா சைட் ஆஃபர் வெறும் 23,000. டிசைன் ஆஃபரை விடக் கம்மி! அந்த 9,000 நீங்க அந்த சைட்டுல இருக்கிற வரைக்கும்தான். ப்ராஜெக்ட் முடிஞ்சு ஹெட் ஆபீஸுக்குக் கூப்பிட்டா பொதுவா அடுத்த மாசமே நின்னுடும். 

நான் பார்க்குற தப்பு இதுதான்: 30,200 கையில வருதுன்னு நம்பி 9,000 ரூபாய்க்கு கார் இ.எம்.ஐ. போட்டுடுவாங்க. அப்புறம் வேற ஊர் சைட்டுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா மறுக்கவே முடியாது. வீட்டுல கல்யாணம், அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, எதுவா இருந்தாலும் இ.எம்.ஐ. விடாது.

ரெண்டு இடத்துலயும் என்ன கத்துக்கலாம்?

இதுக்கு என் கிளையண்ட்ஸ்ல இருக்கிற ரெண்டு இன்ஜினியர்கள்கிட்ட கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே உதாரணத்தைச் சொன்னாங்க: கவர். கம்பிக்கும் கான்கிரீட்டோட வெளிப்பரப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. கடல் உப்பு உள்ள இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்காம தடுக்குறது அதுதான்.

டிசைன் ஆபீஸ்ல இருக்கிறவர் ஐ.எஸ். 456-ஐப் பார்த்து, இந்தச் சுவர் எந்தச் சூழல்ல நிக்கப் போகுதுன்னு முடிவு பண்றார். மிதமான சூழலுக்கு 30 மி.மீ., மிகக் கடுமையானதுக்கு 50, அலை ஏறி இறங்குற பகுதிக்கு 75. ஏன் 50-னு அவருக்குத் தெரியும். சைட்ல இருக்கிறவருக்கு அந்த 50 எப்படி 30 ஆகுதுன்னு தெரியும். கவர் பிளாக் பத்தாது, கம்பி மேல ஆள் நடப்பாங்க, பிளாக் நசுங்கும், யாரும் அளக்காம கான்கிரீட் விழும். சில வருஷம் கழிச்சு துருக் கறையும் வெடிப்பும் வந்தப்புறம்தான் தெரியும்.

இதோட சைட்டுல ஆள் நடத்துறது, அளவு எடுக்குறது, பில் போடுறது எல்லாம் வரும். அந்த அனுபவம் ப்ராஜெக்ட் மேனேஜர், கான்ட்ராக்ட்ஸ், வளைகுடா வேலைன்னு கொண்டு போகும். ஆனா ஊர் ஊராப் போகணும். டிசைன்ல ஆரம்பத்துல சம்பளம் மெதுவா ஏறும், எம்.இ. ஸ்ட்ரக்சுரல் கேப்பாங்க. ஆனா அனுபவம் சேர்ந்தப்புறம் பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா சொந்தமா கையெழுத்துப் போட்டுத் தொழில் பண்ணலாம்.

மாறணும்னா எப்போ?

சைட்டுல இருந்து டிசைனுக்கு ரெண்டு வருஷத்துல மாறுறது சுலபம். வருஷம் கூடக்கூட கதவு சாத்திக்கிட்டே போகும். காரணம் திறமை இல்ல, சம்பளம். ரெண்டு வருஷத்துல தம்பிக்கு சைட்டுல 37,000 ஆச்சுன்னு வைங்க. டிசைன் அனுபவம் இல்லாதவனுக்கு டிசைன் ஆபீஸ் 27,000 தான் தரும். மாசம் 10,000 இறங்கணும். ஆறு வருஷம் கழிச்சு, குடும்பம் வந்தப்புறம், இறங்கவே முடியாது.

அதனால அவன்கிட்ட சொன்னது இது. சைட்டுக்குப் போ. ஆனா முதல் மாசத்துல இருந்தே சைட் அலவன்ஸ் 9,000-ஐ தனி ஆர்.டி.யில போடு. செலவு போக நின்ன 24,700-ல இதை எடுத்தாலும் வீட்டுக்கும் உனக்கும் 15,700 இருக்கு. 24 மாசத்துல வட்டி இல்லாமலே 2,16,000 ரூபாய். அப்போ டிசைனுக்கு மாறினா, அந்த 10,000 குறைச்சலை 21 மாசத்துக்கு மேல இந்தப் பணம் தாங்கும். சைட்டுலயே இருக்க முடிவு பண்ணினா பணம் உன்னோடதுதான்.

சேர்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. சைட் அலவன்ஸ் ஆஃபர் லெட்டர்ல தனியாப் போட்டிருக்கா, எப்போ நிக்கும்? டிரான்ஸ்ஃபர் விதி என்ன? நீங்க அந்தக் கம்பெனியோட ரோல்லயா, இல்ல சப் கான்ட்ராக்டர் ரோல்லயா? சப் கான்ட்ராக்டர்னா, மேல இருந்து பில் பாஸ் ஆகாதப்ப உங்க சம்பளமும் ரெண்டு மூணு மாசம் நிக்கலாம். அங்க ஏற்கனவே வேலை பார்க்குற ஒருத்தரோட பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்க. மாசாமாசம் வரவு ஏறியிருக்கணும். நடுவுல மாசம் விட்டிருந்தா, 32,000-னு எழுதியிருக்கிறதை நம்பாதீங்க.

தம்பி சைட்டுல சேர்ந்துட்டான். ஆர்.டி. ஆரம்பிச்ச ஸ்கிரீன்ஷாட்டை அவங்க அப்பாதான் எனக்கு அனுப்பினார்.